ஷீட்டுல இருந்து ஜிராவுக்கு: நாலு நாள் குறிப்பு

ஜூன் 9, திங்கள்

டீமோட டாஸ்க் லிஸ்ட ஷீட்டுல இருந்து ஜிராவுக்கு மாத்துறோம், மொத்தம் 412 வரி. ஸ்டேட்டஸ் காலம்ல என்னென்னதான் எழுதி வச்சிருக்கோம்னு `UNIQUE` போட்டுப் பாத்தா 17 விதம் வருது. முடிஞ்ச வேலைக்கே "டன்", "முடிஞ்சது", "ஓவர்", போதாததுக்கு கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டிருக்குற இன்னொரு "டன்". `TRIM` போட்டதும் கொஞ்சம் குறைஞ்சது, மிச்சத்த எல்லாம் நாலு ஸ்டேட்டஸுக்குள்ள கொண்டு வந்துட்டேன். சாயங்காலம்தான் ஒண்ணு உறைச்சது, மஞ்சள் அடிச்ச வரின்னா கிளையன்ட் பதிலுக்கு வெயிட்டிங்னு எங்களுக்குள்ள ஒரு பழக்கம், ஆனா ஜிராவுக்கு சிஎஸ்வியாத்தான் ஏத்துறோம், அதுல கலரே போகாது. கலர வச்சு ஃபில்டர் பண்ணி தனி காலம்ல "வெயிட்டிங்"னு டைப் பண்ணேன். 38 வரி. அப்படியே ஏத்தியிருந்தா அத்தனையும் காணாமப் போயிருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

20 வரிய மட்டும் ஒரு டெஸ்ட் ப்ராஜெக்ட்ல ஏத்திப் பாத்தோம். ஸ்டேட்டஸ் சரியா `Done`னு வந்திருக்கு, ஆனா பாக்கி வேலை லிஸ்ட்லயும் அதே டாஸ்க் நிக்குது! அந்த லிஸ்ட் பாக்குறது ஸ்டேட்டஸ இல்ல, `Resolution` ஃபீல்ட, அது காலியா இருந்தா இன்னும் முடியலன்னு அர்த்தம். வழக்கமா வேலைய மூடும்போது வொர்க்ஃப்ளோ அத நிரப்பிடும், இம்போர்ட் அந்த வழியா போறதில்ல. முடிஞ்ச வரிகளுக்கு மட்டும் ஒரு `Resolution` காலம் சேத்தேன், தீர்ந்தது.

ஜூன் 11, புதன்

இன்னைக்கு பாதி நாள் தேதிலயே போச்சு. எல்லா டாஸ்க்கும் ஜனவரில உருவானதாம். 05/03/2025ன்னு இருந்தது ஜனவரி 5, ராத்திரி 12:03ன்னு நிக்குது. அந்த 03 எங்கேருந்து வந்துச்சுன்னு ரொம்ப நேரம் முழிச்சேன், அப்புறம்தான் புரிஞ்சது அதுதான் மாசம். இம்போர்ட் செட்டிங்ல நான் குடுத்தது `dd/mm/yyyy`, அங்க சின்ன `mm`னா நிமிஷம், மாசத்துக்குப் பெரிய `MM` போடணும். எர்ரர் எதுவும் வரல, அதான் கொடுமை. 12:03ங்கிற நேரம் கண்ணுல படலன்னா அப்படியே விட்டிருப்பேன்.

ஜூன் 12, வியாழன்

ஹிஸ்டரி. ஷீட்ல ரிமார்க்ஸ்னு ஒரே செல்லுக்குள்ள ஆறு மாச கதைய அடைச்சு வச்சிருந்தோம், 5/3 டிசைன் வந்துச்சு, 9/3 திருப்பி அனுப்பினோம், இப்படியே போகும். ஒவ்வொண்ணையும் தனித்தனி `Comment` காலமா பிரிச்சேன், ஒரே தலைப்புல எத்தன `Comment` காலம் இருந்தாலும் ஜிரா எடுத்துக்குது:

```
05/03/2025 10:00;user1;டிசைன் வந்துச்சு
09/03/2025 10:00;user1;திருப்பி அனுப்பினோம்
```

நேரம் எங்ககிட்ட இல்ல, 10:00ன்னு நானே போட்டேன், தேதி ஃபார்மட்டையும் `dd/MM/yyyy HH:mm`னு மாத்திட்டேன். ஆனா இதெல்லாம் கமென்ட்தான். எப்போ எந்த ஸ்டேட்டஸ்ல இருந்து எதுக்குப் போச்சுங்கிறது ஹிஸ்டரி டேப்ல வராது. ஒரு வேலைக்கு எத்தன நாள் ஆச்சுன்னு காட்டுற ரிப்போர்ட்ட இந்த 412க்கு நம்பாதீங்கன்னு டீம்ல சொல்லிட்டேன், எல்லாத்துக்கும் `migrated`னு ஒரு லேபிள், ரிப்போர்ட் எடுக்கும்போது அத கழிச்சிட்டு எடுக்கலாம். மெயில் நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணிட்டு ராத்திரி மொத்தமா ஏத்தினேன். அங்கயும் 412, வெயிட்டிங் 38. ஷீட்ட ரீட் ஒன்லியா பூட்டியாச்சு.