ACP-620 எழுதப் போகிறவர்களுக்கு: ஒரே போர்டில் ஆன்-கால் டிக்கெட்டையும் ஃபீச்சர் வேலையையும் பிரிப்பது

நேற்று அட்லாசியனின் ஜிரா சான்றிதழ் தேர்வான ACP-620 எழுதினேன், பாஸ் ஆகிவிட்டது, இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன். தேர்வு எப்படி இருக்கும் என்பது எழுதப் போகிறவர்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம், அதனால் அதுவும் இங்கே கிடையாது. நான் சொல்ல வருவது ஒரே ஒரு பயிற்சி. ஒரு டீம், ஒரு கம்பெனி-மேனேஜ்டு பிராஜெக்ட், ஒரு கான்பான் போர்டு, அதில் ராத்திரி வந்த ஆன்-கால் டிக்கெட்டும் திட்டமிட்ட ஃபீச்சர் வேலையும் கலந்து கிடக்கிறது. ஜிரா அட்மினைத் தொந்தரவு செய்யாமல் பிராஜெக்ட் அட்மினாகவும் போர்டு அட்மினாகவும் இருந்துகொண்டே இதைப் பிரிக்க வேண்டும். இதை ஒரு தடவை முழுசாகச் செய்து பார்த்தால் போர்டு சம்பந்தப்பட்ட பாடம் எல்லாம் ஒன்றோடொன்று எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் எதை வைத்துப் பிரிப்பது? எல்லோருக்கும் உடனே தோன்றுவது தனி இஷ்யூ டைப். நல்ல வழிதான், ஏனென்றால் டைப் இல்லாத டிக்கெட் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஆனால் கம்பெனி-மேனேஜ்டு பிராஜெக்டில் புது இஷ்யூ டைப் சேர்ப்பது ஜிரா அட்மின் வேலை. காம்பொனென்ட் அப்படி இல்லை, பிராஜெக்ட் அட்மினே உருவாக்கலாம், அதற்கு ஒரு லீடைப் போட்டு டிக்கெட் தானாக அவர் பெயருக்குப் போகும்படியும் வைக்கலாம். ஆன்-கால் ஆள் மாறும்போது லீடை மாற்றினால் போதும், அடுத்து வரும் டிக்கெட்டுகள் அவருக்குப் போய்விடும். அதனால் இங்கே `On-call` என்று ஒரு காம்பொனென்ட்.

இப்போது வருகிறது நான் இத்தனை தூரம் எழுதுவதற்கே காரணமான இடம். நான் வேலை பார்க்கும் டீமின் போர்டில் ஃபீச்சர் வேலையை மட்டும் காட்ட ஒரு குவிக் ஃபில்டர் ரொம்ப காலமாக இருந்தது:

```
component != "On-call"
```

படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. போர்டில் மொத்தம் 30 கார்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 6 ஆன்-கால், 9 கார்டில் வேறு ஏதாவது காம்பொனென்ட், மீதி 15 கார்டில் காம்பொனென்ட்டே போடவில்லை. இந்த ஃபில்டரை அழுத்தினால் 24 வர வேண்டும் என்று நினைப்போம். வருவது 9. ஜேக்யூஎல்லில் `!=`, `not in` இரண்டுமே அந்தப் புலத்தில் ஏதாவது மதிப்பு உள்ள டிக்கெட்டை மட்டும்தான் பார்க்கும், காலியாக இருப்பதைக் கணக்கிலேயே எடுக்காது. லேபிளுக்கும் இதே கதைதான். ஸ்டாண்ட்-அப்பில் பாதி ஃபீச்சர் வேலை கண்ணிலேயே படாமல் போய்க்கொண்டிருந்தது, எர்ரர் எதுவும் வராததால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. சரியான வடிவம் இது:

```
component is EMPTY OR component != "On-call"
```

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆன்-கால் ஃபில்டரில் வரும் எண்ணிக்கையையும் ஃபீச்சர் ஃபில்டரில் வரும் எண்ணிக்கையையும் கூட்டுங்கள், போர்டின் மொத்தம் வர வேண்டும். 6 + 9 = 15 என்றால் 15 கார்டு தொலைந்திருக்கிறது. எதிர்மறையாக ஒரு ஜேக்யூஎல் வரியை எங்கே பார்த்தாலும், தேர்வில் என்றாலும் வேலையில் என்றாலும், "காலியாக இருந்தால் என்ன ஆகும்" என்று கேட்டுவிட்டு அப்புறம் மேலே போங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதாது.

இதைவிட நல்லது எதிர்மறையே எழுதாமல் தப்பிப்பது. அதற்குத்தான் ஸ்விம்லேன். `Queries` அடிப்படையில் ஸ்விம்லேன் வைத்து, முதல் லேனுக்கு `component = "On-call"` என்று மட்டும் கொடுங்கள். மிச்சம் எல்லாம், காம்பொனென்ட் காலியாக இருப்பது உட்பட, கடைசியில் இருக்கும் `Everything Else` லேனுக்குத் தானாக விழும். இரண்டு லேனுக்கும் பொருந்தும் கார்டு மேலே இருக்கும் லேனில் மட்டும்தான் தெரியும், அதனால் வரிசை முக்கியம். கான்பான் போர்டில் ஏற்கெனவே `Expedite` என்று ஒரு லேன் உட்கார்ந்திருக்கும், அது அவசர பிரையாரிட்டியைப் பார்ப்பது. அதை மேலேயே விட்டுவிட்டால் மிக அவசரமான ஆன்-கால் டிக்கெட் அங்கே போய்விடும், உங்கள் ஆன்-கால் லேன் அமைதியாக இருப்பது போலத் தெரியும். ஆன்-கால் லேனை இழுத்து அதற்கு மேலே வையுங்கள்.

ரிப்போர்ட்டில் பலன் தெரிவதும் இந்த லேனால்தான். கன்ட்ரோல் சார்ட்டை ஸ்விம்லேன் வாரியாகச் சுருக்கலாம், ஆன்-கால் மட்டும் எவ்வளவு நாள் இழுக்கிறது, ஃபீச்சர் எவ்வளவு இழுக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்கலாம். ஒன்றாகப் பார்த்தால் அரை மணியில் மூடிய டிக்கெட்டும் இரண்டு வாரம் ஓடிய ஃபீச்சரும் சேர்ந்த சராசரி வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு எச்சரிக்கை: லேன் பார்ப்பது டிக்கெட்டில் இப்போது இருக்கும் காம்பொனென்ட்டை. வேலை முடிந்ததும் யாராவது `On-call` காம்பொனென்ட்டை எடுத்துவிட்டால் பழைய டிக்கெட்டும் ஃபீச்சர் பக்கம் தாவிவிடும்.

அடுத்தது லிமிட். `In Progress` நெடுவரிசைக்கு அதிகபட்சம் 5 என்று வைத்தால் அது எல்லா லேனுக்கும் சேர்த்துத்தான், லேனுக்கு ஒரு லிமிட் என்று அங்கே கிடையாது. ஃபீச்சர் 4 ஓடும்போது ஆன்-கால் 2 வந்தால் நெடுவரிசை சிவப்பாகும். சிவப்பாகும், அவ்வளவுதான், கார்டை நகர்த்துவதை அது தடுக்காது. என் யோசனை, ஆன்-காலுக்கு எவ்வளவு வரும் என்று பார்த்து லிமிட்டிலேயே அதற்கு இடம் விடுங்கள். இரண்டு ஆள் ஆன்-காலில் என்றால் 5-ஐ 7 ஆக்குங்கள்.

ஸ்க்ரம் போர்டாக இருந்தால் கதை கொஞ்சம் வேறு. ஆன்-கால் டிக்கெட் ஓடும் ஸ்பிரின்ட்டில் சேர்த்தால்தான் போர்டில் தெரியும், சேர்த்தால் ஸ்பிரின்ட் ரிப்போர்ட்டில் நடுவில் சேர்த்தது என்று நட்சத்திரக் குறியோடு நிற்கும். ஆன்-கால் அதிகம் உள்ள டீமுக்கு நான் கான்பானைத்தான் சொல்வேன்.

படிக்கிற விதம் பற்றிக் கேட்பவர்களுக்கு, எனக்கு வீடியோ பார்த்து மண்டையில் ஏறாது, கையால் செய்து உடைத்துப் பார்த்தால்தான் ஏறும். நீங்களும் அப்படி என்றால்:

- 10 பேர் வரை இலவசமான ஜிரா கிளவுட் தளம் ஒன்று எடுத்து, மேலே சொன்ன 30 கார்டையும் போடுங்கள். 15-ஐக் கட்டாயம் காலியாக விடுங்கள்.
- ஃபில்டரைத் தப்பாக எழுதி 9 வருவதைக் கண்ணால் பாருங்கள்.
- இலவசத் தளத்தில் பெர்மிஷன்களை மாற்ற முடியாது. யாருக்கு என்ன உரிமை என்பதைப் பழக ஸ்டாண்டர்ட் ட்ரையல் வேண்டும், அதைத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்குங்கள்.
- போர்டின் அடிப்படை ஃபில்டரை மற்றவர்களோடு பகிராமல் விட்டுவிட்டு, இன்னொரு கணக்கில் நுழைந்து அந்தப் போர்டைத் திறக்கப் பாருங்கள்.
- ஒரு ஸ்டேட்டஸை எந்த நெடுவரிசையிலும் சேர்க்காமல் விடுங்கள். அதில் இருக்கும் கார்டுகள் போர்டிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடும். "டிக்கெட் இருக்கிறது, போர்டில் இல்லை" என்றால் நான் முதலில் பார்ப்பது இதை, அடுத்து ஃபில்டரில் எதிர்மறை வரி இருக்கிறதா என்று.