டெங்கு போனபிறகு பத்து நகத்திலும் பள்ளம்: நான் அலைந்த அலைச்சல்

நவம்பர் தொடக்கத்தில் டெங்கு. காய்ச்சல் 104 வரை போனது. ஆஸ்பத்திரியில் படுத்து, தட்டணுக்கள் ஏறியதும் வீடு வந்து சேர்ந்தேன். அலைச்சல் அதற்கு அப்புறம்தான் தொடங்கியது.

டிசம்பர் நடுவில், பத்து விரல் நகங்களிலும் நகக்கண்ணை ஒட்டிக் குறுக்கே ஒரு பள்ளம் தெரிந்தது. தடவினால் விரலில் தட்டுப்படும். மருந்துக்கடையில் காட்டினேன். கால்சியம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் விழுங்கியும் பள்ளம் அப்படியேதான் இருந்தது, நுனிப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். அடுத்துப் போன கிளினிக்கில் நகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பூஞ்சை என்று மாத்திரை எழுதினார்கள். அந்த மாத்திரைகளில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. டெங்குவில் எனக்கு ஏற்கெனவே கல்லீரல் என்சைம் ஏறியிருந்தது. நல்லவேளை, வாங்காமல் வந்துவிட்டேன். பரிசோதிக்காமல் பூஞ்சை மாத்திரை எழுதினால் நீங்களும் ஏன் என்று கேளுங்கள்.

ஜனவரிக் கடைசியில் ஒரு தோல் மருத்துவர் முதல் கேள்வியாக, "ரெண்டு மூணு மாசம் முன்னாடி பெரிய காய்ச்சல் வந்துச்சா?" என்றார். எனக்கு அங்கேயே பாதி நிம்மதி. ஸ்கேலை மோதிர விரல் நகத்தில் வைத்தார். நகக்கண்ணிலிருந்து பள்ளம் 5 மி.மீ. தள்ளி இருந்தது. கைவிரல் நகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும், அப்படியென்றால் பள்ளம் வெளியே வந்து ஏறக்குறைய 50 நாள். நகம் உருவாகும் வேர், தோல் மடிப்புக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து வெளியே தலைகாட்டவே கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். இரண்டையும் கூட்டினால் நேராக நவம்பர் தொடக்கத்துக்கே போய் நிற்கிறது.

கடும் காய்ச்சலில் அந்த வேர் சில நாட்கள் வேலையைக் குறைத்துவிடுகிறதாம். அப்போது உருவாகும் நகம் மெலிந்துபோகிறது. அதுதான் பள்ளம். 1846-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் போ என்பவரின் பெயரால் 'போ கோடுகள்' என்கிறார்கள். எல்லா நகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு தள்ளி இருந்தால் உடம்பு முழுவதையும் தாக்கிய ஏதோ ஒன்று காரணம். ஒரே நகத்தில் என்றால் பெரும்பாலும் அந்த விரலில் பட்ட அடி.

மருந்து எதுவும் எழுதவில்லை. வந்த பள்ளத்தை நிரப்ப மருந்து கிடையாது, வளர்ந்துதான் வெளியேற வேண்டும். நடுவிரலில் முதலில் நுனிக்கு வந்தது, கட்டைவிரலில் கடைசியாக, மே மாதத்தில். நுனியை நெருங்கும்போதுதான் கவனம் தேவை. பள்ளம் இருக்கும் இடம் மெல்லியது, துணியில் மாட்டினால் அங்கேயே கிழியும். நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருங்கள், சமமாக்கலாம் என்று மேலே அரத்தால் தேய்க்காதீர்கள். கால் நகம் இன்னும் மெதுவாக வளரும். கட்டைவிரலில் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். காய்ச்சல் எதுவும் இல்லாமல் புதிதாக இன்னொரு வரிசைப் பள்ளம் வந்தால் மட்டும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.