புதிய சரக்கு, பழைய விநியோகஸ்தர்

மசாலாத் தூள் தயாரிக்கும் நிறுவனமொன்றின் விற்பனைப் பிரிவில், விநியோகஸ்தர்களுக்கான விலைப் பட்டியல்களையும் சுற்றறிக்கைகளையும் தயாரிப்பது நெடுங்காலமாக என் பொறுப்பில் இருந்து வருகிறது. புதிதாக ஒரு ஊரில் விநியோகஸ்தரை நியமிப்பதைவிட, ஏற்கெனவே நம்மிடம் சரக்கு எடுத்துக்கொண்டிருப்பவரிடம் ஒரு புதிய வரிசையை அறிவிப்பதுதான் கடினம் என்று நான் கருதுகிறேன். அவருக்கு நம் பழக்கங்கள் எல்லாம் தெரியும். சென்ற ஆண்டு அனுப்பிய டேமேஜ் கிளைம் எப்போது வந்து சேர்ந்தது என்பதும் நினைவிருக்கும். அறிவிப்பு கைக்கு வந்ததும், இதில் தன் பணம் எவ்வளவு, எப்போது உள்ளே போகும், எப்போது திரும்பி வரும் என்ற கணக்கைத்தான் அவர் முதலில் போட்டுப் பார்ப்பார். பாக்கெட்டின் நிறமும் விளம்பரப் படமும் அதற்குப் பிறகுதான்.

சாம்பார், ரசம், மிளகாய்த் தூள் ஆகியவற்றை மட்டும் விற்றுக்கொண்டிருந்த எங்கள் நிறுவனம் சிக்கன், மட்டன், மீன் குழம்பு, பிரியாணி என நான்கு அசைவ மசாலாக்களைக் கொண்டுவந்தபோது தயாரித்த அறிவிப்பை வைத்தே இதை விளக்குகிறேன். நான்கும் 100 கிராம் பாக்கெட், ஒரு பெட்டிக்கு 60 பாக்கெட், எம்.ஆர்.பி. 48 ரூபாய். கடைக்காரருக்கு வரி உட்பட 40 ரூபாய்க்கும், விநியோகஸ்தருக்கு அவருடைய கொள்முதல் விலையின் மீது எட்டு சதவீத மார்ஜின் விட்டும் விலை நிர்ணயித்திருந்தோம்.

விலைப் பட்டியலில் முதலில் தீர்க்க வேண்டியது, சதவீதம் எதன் மீது கணக்கிடப்பட்டது என்பதைத்தான். கடைக்காரருக்குக் கிடைக்கும் எட்டு ரூபாய், அவர் வாங்கும் விலையான 40 ரூபாயின் மீது இருபது சதவீதம், எம்.ஆர்.பி.யின் மீது கணக்கிட்டால் பதினாறே முக்கால் சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ‘கடைக்கு இருபது சதவீதம்’ என்று மட்டும் அறிவிப்பில் எழுதிவிட்டால், எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்துப் பழகிய கடைக்காரர் 38 ரூபாய் 40 காசுக்குத்தான் சரக்கு கேட்பார். இடையில் உள்ள ஒரு ரூபாய் அறுபது காசு யார் பொறுப்பு என்ற வாக்குவாதம், ஆர்டர் எடுக்கப் போகும் பையனின் தலையில்தான் விடியும். ஆகவே நான் சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டு, ஒவ்வொரு படிக்கும் ரூபாயையே முன்னால் வைக்கிறேன். விநியோகஸ்தரின் கொள்முதல் விலை வரி நீங்கலாக 35.27, ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யுடன் 37.04, கடைக்கு அவர் கொடுக்கும் விலை வரி நீங்கலாக 38.10, வரியுடன் 40.00. இவ்வாறு எழுதும்போது அவருக்கு உண்மையாக மிஞ்சுவது பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் எண்பத்து மூன்று காசு என்பது தெரிந்துவிடும். வரியுடன் கூடிய விலைகளைக் கழித்தால் வரும் 2.96 பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதில் பதின்மூன்று, பதினான்கு காசு அரசுக்குப் போக வேண்டிய வரி.

இந்தக் கணக்கைப் பெட்டிக்கு விரித்தால், குறைந்தபட்ச ஆர்டரைப் பற்றி விநியோகஸ்தர்கள் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பது புரியும். ஒரு பெட்டியின் கொள்முதல் விலை வரியுடன் ஏறக்குறைய 2,220 ரூபாய். அதில் கிடைக்கும் மொத்த மார்ஜின் 170 ரூபாய் அளவில்தான். வண்டிக் கூலியும் ஆள் சம்பளமும் அதற்குள்தான். வரியைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு பெட்டி விற்காமல் தேதி முடிந்துபோனால் பன்னிரண்டு பெட்டி விற்றுக் கிடைத்த மார்ஜின் அதோடு போய்விடும். அவர் தயங்குவது நம் பொருளின் மீதுள்ள அவநம்பிக்கையால் என்று மேலாளர்கள் சில சமயம் வருத்தப்படுவதுண்டு. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தைப் பார்த்த பிறகு அந்த வருத்தத்துக்கு இடமில்லை.

எங்கள் முதல் வரைவில் வகைக்குப் பத்துப் பெட்டி வீதம் நாற்பது பெட்டி என்று குறைந்தபட்ச ஆர்டர் குறிக்கப்பட்டிருந்தது. அதாவது ஏறக்குறைய 89,000 ரூபாய், முன்பணமாக. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், அறுநூறு கடைகளுக்குச் சரக்குப் போடும் ஒரு பெரிய நகர விநியோகஸ்தரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. புதிய சரக்கை முதல் சுற்றில் மூன்றில் ஒரு கடை வாங்கும் என்றும், வாங்கும் கடை இரண்டு வகையில் ஆறாறு பாக்கெட் எடுக்கும் என்றும் கொண்டால், அவருக்கு இருநூறு கடை, 2,400 பாக்கெட், சரியாக நாற்பது பெட்டி. தாலுகா தலைநகரில் 140 கடை வைத்திருப்பவருக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய நாற்பத்தைந்து கடை, 540 பாக்கெட், ஒன்பது பெட்டிதான் வரும். மீதி முப்பத்தொரு பெட்டி அவர் குடோனில் கிடக்கும். அதில் முடங்கும் அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், அவர் வாரந்தோறும் எடுத்துக்கொண்டிருந்த நம் சாம்பார்ப் பொடிக்கான பணமாகவே இருக்கும். புதிய வரிசையை அறிவித்த மறுமாதம் பழைய வரிசையின் விற்பனை சரிவதற்கு, பல இடங்களில் இதைத் தவிர வேறு காரணம் இருப்பதில்லை.

பெரிய அளவுக்கு நிறுவனத்தின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. பாக்கெட்டுக்கான அச்சிட்ட பிலிமை, வடிவமைப்பு ஒன்றுக்கு இத்தனை கிலோ என்ற அளவுக்குக் கீழே அச்சகத்தார் போட்டுத் தர மாட்டார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர் செய்ய வேண்டும். அரைவையிலும் ஒரு மசாலாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இயந்திரத்தைச் சுத்தம் செய்யும் நேரம் போகும். ஆனால் அவை தயாரிப்பின் தேவைகள். பிலிம் சுருளை நாம் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். அரைத்த மசாலாவை அப்படி வைத்திருக்க முடியாது. அதை விநியோகஸ்தரின் குடோனுக்கு மாற்றிவிட்டு விற்றுவிட்டதாக எண்ணிக்கொள்வது சரியல்ல. இறுதி அறிவிப்பில், இருநூறு கடைக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான்கு வகையும் கலந்து பன்னிரண்டு பெட்டி, அதற்கு மேல் உள்ளவர்களுக்குக் கடை எண்ணிக்கைக்கு ஏற்ப என்று மாற்றினோம். முதல் சுற்றுக்கு ஒன்பது போக மூன்று பெட்டி கையிருப்பு. முதலீடு ஏறக்குறைய 26,700 ரூபாய். இரண்டாவது ஆர்டரிலிருந்து வழக்கமான சரக்கோடு ஒரு பெட்டிகூடச் சேர்த்து எடுக்கலாம் என்பதையும் தனி வரியாக எழுதினோம். லாரி சர்வீஸில் சிறு பார்சலுக்கும் ஒரு அடிப்படைக் கட்டணம் உண்டு என்பதால், புதிய சரக்கைத் தனியாக அனுப்பக் கேட்டால் வண்டி வாடகை அவருடையது என்ற நிபந்தனையும் அதோடு இருந்தது.

தேதிகளைப் பற்றித்தான் அலுவலகத்தில் அதிகம் பேச வேண்டியிருந்தது. தயாரிப்புப் பிரிவு செப்டம்பர் கடைசியில் சரக்கு தயாராகிவிடும் என்றது. ஆனால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை புரட்டாசி. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அசைவம் சமைப்பதே இல்லை. அது முடிந்ததும் தீபாவளி நெருங்கிவிடும், விநியோகஸ்தரின் பணம் எண்ணெய், மைதா, கடலை மாவு ஆகியவற்றில் போய்விடும். பிறகு கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடும் காலம். மகர விளக்கு வரை அதுவும் ஒருவகையில் புரட்டாசிதான். நடுவில் கிடைக்கும் சில வாரங்களுக்காக அவசரப்பட்டால், முதல் சுற்றில் வாங்கிய கடைக்காரர் விற்காத பாக்கெட்டுகளை வைத்துக்கொண்டு இரண்டாம் சுற்றில் கையை விரிப்பார். ஒரு கடையில் ‘இது ஓடாது’ என்ற பேச்சு விழுந்துவிட்டால் பிறகு அதை மாற்றுவது மிகவும் சிரமம். ஆகவே ஜனவரி மாதம் என்று முடிவாயிற்று.

ஜனவரி என்றாலும் பொங்கலுக்கு முன்பா பின்பா என்ற கேள்வி இருந்தது. பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் குடோனில் இடமும் இருக்காது, கையில் பணமும் இருக்காது. பண்டிகை நாட்களில் லாரி சர்வீஸில் சுமை இறக்க ஆளும் கிடைக்காது. எனவே அறிவிப்பில் வெளியீட்டுத் தேதி என்று ஒன்றை மட்டும் போடாமல் நான்கு தேதிகளைப் போட்டோம்: ஆர்டர் தர வேண்டிய கடைசி நாள் ஜனவரி 5; பணம் அனுப்ப வேண்டிய நாள் 18; ஆலையிலிருந்து சரக்குப் புறப்படுவது 19 முதல்; கடைகளில் விற்பனை தொடங்குவது எல்லா மாவட்டங்களிலும் 27. விற்பனை தொடங்கும் தேதியை எல்லோருக்கும் ஒன்றாக வைப்பதற்குக் காரணம் உண்டு. முதலில் சரக்குப் பெற்றவர் அடுத்த மாவட்டத்து மொத்தக் கடைகளுக்கு அதைத் தள்ளிவிட்டால், அங்குள்ள விநியோகஸ்தர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அவருடைய விலை கெட்டுவிடும். சரக்கின் தயாரிப்பு மாதம் ஜனவரியாகவே இருக்கும் என்பதையும் எழுதிக் கொடுத்தோம். பழைய தேதியிட்ட சரக்கு வந்தால் இறக்காமலே திருப்பலாம்.

மிளகாயின் புது வரத்து குண்டூர்ச் சந்தைக்கு வந்துகொண்டிருக்கும் பருவம் அது என்பதால், அறிவித்த விலை ஏப்ரல் 30 வரை மாறாது என்று உறுதி தந்தோம். அதற்குப் பிறகு விலை குறைந்தால் கையிருப்புக்கு வித்தியாசத் தொகை கிரெடிட் நோட்டாக வரும். கூடினால் முன்கூட்டியே தகவல் வரும். அறிமுகச் சலுகையாகப் பத்துக்கு ஒன்று கொடுக்க விரும்பியபோது, அந்த இலவசப் பாக்கெட்டுகளைப் பில்லிலேயே சேர்த்து அனுப்பினோம். விநியோகஸ்தர் தன் சரக்கிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு கிளைம் போட்டுக் காத்திருக்கும் முறை அவரைச் சலிப்படையச் செய்துவிடும்.

“ஓடலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா, சார்?” என்பது எந்த ஊரில் அறிவிப்பைக் கொண்டுபோனாலும் வரும் கேள்வி. இதற்குப் பிரதிநிதி வாய்மொழியாக ஒரு பதில் சொல்லி, அலுவலகம் வேறொரு பதில் சொல்லும் நிலை வரவே கூடாது. முதல் ஆர்டரில் விற்காமல் நிற்கும் முழுப் பெட்டிகளைத் தொண்ணூறு நாட்களுக்குள் சொன்னால் வேறு சரக்காக மாற்றித் தருவோம், உதிரிப் பாக்கெட்டுகளுக்கு இது பொருந்தாது என்று அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டோம். அதை அனுப்புவதற்கு முன், நிலுவையில் இருந்த பழைய கிளைம்கள் அனைத்தையும் கணக்குப் பிரிவு முடித்துக் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பழைய பாக்கியை வைத்துக்கொண்டு புதிய வாக்குறுதியை நீட்டினால் யார்தான் நம்புவார்கள்?

ஆர்டர்கள் வந்து சேர்ந்ததும் நான் தொகையைவிட அதன் அமைப்பைத்தான் கவனிக்கிறேன். நான்கு வகைக்கும் மும்மூன்று பெட்டி என்று சமமாக எழுதி வரும் ஆர்டர், பெரும்பாலும் பிரதிநிதி தானே நிரப்பி விநியோகஸ்தரிடம் ஒப்புதல் மட்டும் வாங்கியது. தன் கடைகளை நினைத்துப் பார்த்து எழுதுபவரின் ஆர்டர் ஒருபோதும் சமமாக இருக்காது. கடலோர ஊரென்றால் மீன் குழம்பு மசாலா கூடும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமென்றால் பிரியாணி கூடும். சமமாக வந்த ஒவ்வொரு ஆர்டருக்கும் சரக்கு ஏற்றும் முன் விநியோகஸ்தரை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, எந்தெந்த லைனில் எது போகும் என்று கேட்டோம். அப்படிக் கேட்டபோது ஒரு கடலோர விநியோகஸ்தர் மூன்று பெட்டி மட்டனை ஒன்றாகக் குறைத்து, மீன் குழம்பை ஐந்தாக மாற்றிக்கொண்டார். அவருடைய இரண்டாவது ஆர்டர் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலேயே வந்தது. அதில் மீன் குழம்பு நான்கு பெட்டி, மட்டன் இல்லை.