44 லட்சம் மிச்சம் என்றது அறிக்கை, தண்ணீர்க் கணக்கு ஒத்துவரவில்லை

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கட்டடத்தின் ப்ளாண்ட் ரூமைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏ.சி.க்கான தண்ணீரைக் குளிர்விக்க, தலா 300 டன் வாட்டர் கூல்டு ஸ்க்ரூ சில்லர் மூன்று. இரண்டு ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. எனர்ஜி ஆடிட் முடிந்து வந்த வரைவு அறிக்கையை நிர்வாகம் கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்காததால் எழுதுகிறேன். ஆடிட்டரை அமர்த்தியது, பில் நகல் கொடுத்தது, விளக்கு, லிஃப்ட் பகுதிகள் எல்லாம் சிக்கலில்லாமல் போயின. சிக்கல் முழுக்க சில்லரில்தான்.

அறிக்கை சொன்னது இது: ஒரு சில்லர் 157 டன் குளிர்ச்சி தருகிறது, 150 கிலோவாட் இழுக்கிறது. அதாவது டன்னுக்கு 0.955 கிலோவாட். புதிய சில்லர் 0.60-ல் ஓடும். இரண்டையும் மாற்றினால் வருடம் நான்கு லட்சம் யூனிட், 44 லட்சம் ரூபாய் மிச்சம். 1.6 கோடி முதலீடு, மூன்றரை வருடத்தில் திரும்பி வந்துவிடும். இதைப் படித்துவிட்டு எந்த நிதி அதிகாரி வேண்டாம் என்பார்?

எனக்கு உறுத்தியது, அதே அறிக்கையின் இணைப்பில் இருந்த கண்டென்சர் ரீடிங். சில்லரில் பொய் சொல்ல முடியாத கணக்கு ஒன்று உண்டு, ஹீட் பேலன்ஸ் என்பார்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் எவாபரேட்டரில் வாங்கிய வெப்பத்தோடு கம்ப்ரஸருக்குக் கொடுத்த மின்சாரத்தையும் சேர்த்தால், கண்டென்சர் வழியாக வெளியே போகும் வெப்பம் வரவேண்டும். கணக்குக்கு வேண்டியது இவ்வளவுதான், TR என்பது டன்:

```
TR = (m³/h × ΔT) ÷ 3.024
1 TR = 3.517 kW
```

எவாபரேட்டர் பக்கம் அவர்கள் அளந்தது மணிக்கு 132 கன மீட்டர், 3.6 டிகிரி வித்தியாசம், ஆக 157 டன். 150 கிலோவாட் என்பது 43 டன். மொத்தம் 200. கண்டென்சரில் அவர்களே அளந்தது 210 கன மீட்டர், 3.8 டிகிரி. அது 264 டன்! நூற்றுக்கு 24 வித்தியாசம். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நம்பலாம். 24 என்றால் ஏதோ ஒரு மீட்டர் தப்பாகக் காட்டியிருக்கிறது.

கேட்டதும் ஆடிட்டர் நிறுவனத்துப் பொறியாளர், "சார், பழைய சில்லர்னா இப்படித்தான் இருக்கும்" என்றார். சில்லர் பழசானால் டன் குறையும், கரண்ட் ஏறும். வெப்பம் கணக்கில்லாமல் காணாமல் போகாது. காலிபரேஷன் சான்றிதழ் கேட்டேன், அனுப்புகிறோம் என்றார்கள். ரீடிங்கின் மூலக் கோப்பு கேட்டேன், அறிக்கையிலேயே இருக்கிறது என்றார்கள். இருந்தது சராசரி மட்டும்தான். பல மின்னஞ்சல்களுக்குப் பிறகு வந்த சான்றிதழில் தேதி சரியாகவே இருந்தது. மீட்டரில் குறையில்லை, அதைக் கட்டிய இடத்தில்தான் குறை.

எட்டு அங்குலக் குழாயில் அல்ட்ராசோனிக் மீட்டரை மாட்ட, முன்னால் குழாய் விட்டத்தைப்போல் பத்து மடங்கும் பின்னால் ஐந்து மடங்கும் நேர்க்குழாய் வேண்டும். நம் குழாய்க்கு அது இரண்டு மீட்டரும் ஒரு மீட்டரும். அவர்கள் மாட்டியது எல்போவிலிருந்து ஒன்றரை அடியில். ஏன் அங்கே? அங்கே இன்சுலேஷன் ஏற்கெனவே கிழிந்திருந்தது, புதிதாக வெட்ட வேண்டியிருக்கவில்லை. நாங்களே நல்ல நேர்க்குழாயில் இன்சுலேஷனை வெட்டி, பெயிண்டைச் சுரண்டி, தடிமன் மீட்டரால் குழாய்ச் சுவரை அளந்து, அவர்கள் மீட்டரையே மறுபடி மாட்டச் சொன்னோம். (வெட்டிய இடத்தை அன்றே ஒட்டி மூடிவிடுங்கள், இல்லையென்றால் வியர்த்துச் சொட்டும்.) இப்போது காட்டியது 178 கன மீட்டர். அப்படியானால் 212 டன், அதோடு 43 சேர்த்தால் 255. கண்டென்சரின் 264-க்கு மூன்றரை சதவீதம்தான் குறைவு. இரண்டாவது சில்லரும் இதே அளவில் வந்தது. டன்னுக்கு 0.71 கிலோவாட். பன்னிரண்டு வயதுச் சில்லருக்கு இது மோசமே இல்லை.

இங்கேயே நின்றிருந்தால் உண்மையான கசிவு கண்ணில் பட்டிருக்காது. இரண்டு சில்லர் ஓடும்போது எங்களிடம் மூன்று சில்டு வாட்டர் பம்பும் ஓடிக்கொண்டிருந்தன. ஆபரேட்டர் அண்ணனைக் கேட்டால், "மூணாவது பம்ப நிறுத்தினா எட்டாவது மாடியில இருந்து போன் வரும் சார்" என்பார். பம்பின் பெயர்ப்பலகை எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் எந்த அழுத்தத்தில் எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று காட்டும் கர்வ் வாங்கி, கேஜ் ரீடிங்கோடு ஒப்பிட்டேன். ஒரு பம்புக்கு 162, மூன்றுக்கும் 486 கன மீட்டர். இரண்டு சில்லர் வழியாகப் போவது 356. மீதி 130 எங்கே?

நின்றுகொண்டிருந்த மூன்றாவது சில்லரில்! அதன் மோட்டார் வால்வின் முள் 'மூடியது' என்றுதான் காட்டியது. ஆனால் குழாய் தொட்டால் சில்லென்று இருந்தது, எவாபரேட்டரின் இரு பக்க கேஜுக்கும் இடையே அழுத்த வித்தியாசமும் இருந்தது. தண்ணீர் ஓடாத குழாய் கொஞ்ச நேரத்தில் அறை வெப்பத்துக்கு வந்துவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் வால்வைத் திருப்பும் ஆக்சுவேட்டரையும் வால்வுத் தண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் சாவி அறுந்திருந்தது. முள் மட்டும் சுற்றும், உள்ளே தட்டு அசையவே அசையாது. 10.6 டிகிரியில் திரும்பி வந்த தண்ணீர் குளிராமலே 7 டிகிரித் தண்ணீரோடு கலந்து, மாடிகளுக்கு 8 டிகிரியாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது மாடிக்காரர்கள் போன் செய்ததில் நியாயம் இருக்கிறது.

ஒரு லட்சத்துக்கும் குறைவான செலவில் அது சரியானது. மூன்றாவது பம்பை நிறுத்தினோம். இரண்டே பம்பு என்றதும் ஒவ்வொன்றும் 19.5-லிருந்து 20.7 கிலோவாட்டுக்கு ஏறியது. அதனால் மிச்சம் ஒரு முழு பம்பு அல்ல, 17 கிலோவாட். வருடம் 3,600 மணி நேரத்துக்கு 61,000 யூனிட், ஐந்தரை லட்சம் ரூபாய். முன்பு மாடிகளுக்கு 8 டிகிரிதான் போனது என்பதால் சில்லர் செட் பாயிண்டையும் ஒரு டிகிரி ஏற்றினோம். அதில் கம்ப்ரஸருக்கு இரண்டு, இரண்டரை சதவீதம் குறையும்.

ரூபாய்க் கணக்கிலும் ஒரு வித்தை செய்திருந்தார்கள். மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து, யூனிட் 11 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அந்த 11-க்குள், உச்ச மின்தேவைக்கு வாங்கும் டிமாண்ட் சார்ஜும் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் உயரழுத்த ஹெச்.டி. இணைப்பில் பதிவான டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். ஒப்பந்தத்தைக் குறைக்காவிட்டால் அந்தப் பகுதியில் பெரிதாக ஒன்றும் குறையாது. எனர்ஜி சார்ஜ் மட்டும் எங்கள் பில்லில் 9 ரூபாய் அளவில் வருகிறது. சரியான டன்னும் இந்த 9 ரூபாயும் போட்டுப் பார்த்தால், சில்லர் மாற்றத்தின் மிச்சம் 44 லட்சத்திலிருந்து 15 லட்சத்துக்கு இறங்குகிறது. மூன்றரை வருடம் என்றது கிட்டத்தட்ட பதினொன்றாகிறது.

இதோடு மூன்று பம்புக்கும் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. மாட்டச் சொல்லித் தனியாக ஒரு மிச்சம் காட்டியிருந்தார்கள். மாடிகளில் காற்றைக் குளிர்விக்கும் எங்கள் ஏஎச்யூக்களில் இருப்பது மூன்று வழி வால்வு. குளிர் போதும் என்றாலும் தண்ணீர் பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், வேகத்தைக் குறைக்கச் சொல்ல எந்த சிக்னலும் வராது. வால்வை மாற்றும் செலவைச் சேர்க்காமல் அந்த வரியை ஏற்க முடியாது என்று எழுதிக் கொடுத்தோம். நீக்கினார்கள்.

இறுதி அறிக்கையில் மொத்த மிச்சம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, நிர்வாகத்தில் ஒருவர் ஆடிட் தோல்வியா என்று கேட்டார். பதிலுக்கு வால்வு சரியான பிறகு எடுத்த பம்பு ரீடிங்கை அனுப்பினேன்.

ஆடிட்டுக்கு ஆர்டர் போடப் போகிறவர்கள் ஆர்டரிலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: ஒவ்வொரு சில்லருக்கும் ஹீட் பேலன்ஸ் ஐந்து சதவீதத்துக்குள் காட்ட வேண்டும், ரீடிங் மூலக் கோப்பு தர வேண்டும். கடைசித் தவணையை அவை கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள். எங்களுக்கு அந்த மூலக் கோப்பு வந்ததே பணத்தை நிறுத்திய பிறகுதான்.