ஓ.டி. லிமிட்டைக் கூட்ட மூன்று கடிதம்

ஒரு வருடம் இழுத்தடித்து, ஐந்து முறை வங்கிப் படி ஏறி இறங்கிய பிறகு போன வாரம்தான் எங்கள் ஓ.டி. லிமிட், அதாவது கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் வங்கி எடுக்க விடும் கடனின் வரம்பு, கூடியது. சந்தோஷம்தான், ஆனால் எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அலைய வைத்தது வங்கி மட்டும் என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் எரிச்சலே. பாதி அலைச்சலுக்கு என் கடிதம்தான் காரணம்.

நாங்கள் பள்ளிப் பைகள் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பள்ளி திறக்கும் நேரத்தில்தான் வியாபாரம். துணியும் ஜிப்பும் அதற்கு நான்கைந்து மாதம் முன்பே வாங்கியாக வேண்டும், கூலி வாராவாரம் போகும், கடைக்காரர்கள் பணம் தருவதோ பை விற்ற பிறகு. இந்த இடைவெளியை 10 லட்சம் லிமிட்டில் ஓட்டிக்கொண்டிருந்தோம். போன சீசனில் அது போதவில்லை. இரண்டு பெரிய ஆர்டரை விட்டேன். அப்படியும் துணிக்காரருக்குக் கொடுத்த ஒரு செக் திரும்பி வந்தது.

செக் திரும்பிய மறுநாளே உட்கார்ந்து முதல் கடிதத்தை எழுதினேன். இரண்டு பக்கம். ஆரம்பித்த கதை, எத்தனை தையல்காரர்கள், எத்தனை கடைகள் என்று போய், கடைசியில் இப்படி முடியும்: “எங்கள் நிறுவனம் நாளுக்கு நாள் வளர்ந்து வருவதால், கூடுதல் நடைமுறை மூலதனத் தேவையைக் கருத்தில் கொண்டு, ஓ.டி. வரம்பை 20 லட்சமாக உயர்த்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

கடன் பிரிவு அதிகாரி முதல் பத்தியைக்கூட முழுசாகப் படிக்கவில்லை. நேராகக் கடைசி வரிக்குப் போனார். “இருபது ஏன் சார்? பதினெட்டு ஏன் இல்லை?” என்றார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு மடங்கு என்பது ரவுண்டாக இருந்தது, அவ்வளவுதான். “கணக்கு இப்போ லிமிட்டை முட்டிக்கிட்டு நிக்குது, செக் வேற திரும்பியிருக்கு. இந்த நேரத்துல வந்து கேட்டா, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கேக்கிற மாதிரிதான் மேல இருக்கிறவங்களுக்குத் தெரியும். சீசன் முடிஞ்சு கணக்கு வரவுக்கு வந்ததும் வாங்க.” அன்று அது தட்டிக்கழிப்பாகத் தோன்றியது. இப்போது யோசித்தால், ஐந்து முறை போனதில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த ஒரே ஆலோசனை அதுதான். கேட்க வேண்டியது பணம் தேவைப்படும் மாதத்தில் இல்லை, தேவைப்படாத மாதத்தில்.

சரி என்று சீசன் முடியும் வரை காத்திருந்து, இரண்டாவது கடிதத்தைத் தணிக்கையாளர் தயாரித்த வருடக் கணக்கோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பியது. குறிப்பு ஒரே வரி: கணக்கு தொடர்ந்து உச்ச வரம்பிலேயே இருக்கிறது, சுழற்சி இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வருடத்தில் ஐந்து மாதம் எங்கள் கணக்கு வரவு மீதத்தில் இருக்கும். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் கணக்கு வருடம் முடியும் தேதி சீசனின் நட்ட நடுவில் விழுகிறது. அன்றைக்கு ஓ.டி. பாக்கி 9.8 லட்சம். அதற்கு முந்தைய வருடமும் அதே தேதி, அதே நிலை. அந்த ஒரு நாள் நிலையை மட்டும் காட்டும் ஐந்தொகையை, இரண்டு வருடத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு இந்தக் கடன் இறங்கவே இறங்காதது போலத்தான் தெரியும். ஓ.டி. விஷயத்தில் வங்கிக்குப் பெரிய பயமே இதுதான். ஏறுவது பற்றிக் கவலை இல்லை, ஏறி இறங்காமல் அங்கேயே உறைந்துவிட்டால் அது ஓ.டி. பெயரில் இருக்கும் நீண்ட காலக் கடன். அப்படி ஒரு சந்தேகம் வந்துவிட்டால் வரம்பைக் கூட்ட மாட்டார்கள். தவணைக் கடனாக மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள்.

சீசன் தொழில் செய்கிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். கடந்த 24 மாத வங்கிக் கணக்கை எடுத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டே எண்கள் எழுதுங்கள்: அந்த மாதத்தில் கணக்கு எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு மேலே வந்தது. எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. அரைப் பக்கத்தில், கணக்கு வருடத்துக்கு ஒரு முறை கீழே போய் மேலே வருவது பளிச்சென்று தெரிந்தது. கிளையில் இந்த விவரம் எல்லாம் கணினியிலேயே இருக்குமே என்று நானும் நினைத்தேன். இருக்கிறதுதான். உங்களுக்காக யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது தொகை. துணி வாங்கத் தொடங்கும் மாதத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவிருக்கும் சீசனுக்கான ஆர்டர்களை வைத்துப் பணம் போவதையும் வருவதையும் மாதவாரியாகப் போட்டேன். லாபக் கணக்கு இல்லை, கைக்கு வந்து போகிற காசுக் கணக்கு. தொடக்கத்தில் கணக்கில் 2 லட்சம் இருக்கும். 1-ஆம் மாதக் கடைசியில் அது 1 லட்சம் பற்றாகிறது, அதாவது வங்கிக்கு அவ்வளவு பாக்கி. 2-ஆம் மாதக் கடைசியில் 6, அடுத்து 11, 4-ஆம் மாதக் கடைசியில் 14. அங்கிருந்து வசூல் கூடி 11, 3 என்று இறங்கி, 7-ஆம் மாதக் கடைசியில் 3 லட்சம் வரவு. ஆக, 14 கேட்டால் போதும் என்று எழுதிவிட்டேன்.

எங்கள் கணக்கெழுதும் அக்காதான் பிடித்தார். “மாசக் கடைசியையே பாக்கிறீங்களே, கூலியும் துணிக்காரர் செக்கும் போறது முதல் பத்து நாள்ல. வசூல் வர்றது இருபத்தஞ்சுக்கு மேல. நடுவுல எங்க நிப்பீங்க?” என்றார். உண்மைதான். 4-ஆம் மாதத்தை நாள்வாரியாகப் பிரித்தால், 11-இல் தொடங்கி, வசூல் வரும் முன்பே நாலரை லட்சம் போய், நடு மாதத்தில் 15.5-ஐத் தொடுகிறது. 14 வாங்கியிருந்தால் அதே மாதம் இன்னொரு செக் திரும்பியிருக்கும். வரம்பு கூட்டின உடனே செக் திரும்பினால் அடுத்த முறை எந்த முகத்தோடு போய்க் கேட்பது? குறைவாகக் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

அதிகாரி கேட்கும் முன் இன்னொரு கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன். வர வேண்டியதில் பாதி ஒரு மாதம் தள்ளி வந்தால்? கணக்கு மாறியது. 5-ஆம் மாதக் கடைசியிலும் 14.5 பற்றிலேயே நிற்கிறது, 6-இல் 8, 7-இல் 1, அப்புறம் 8-ஆம் மாதத்தில்தான் வரவுக்கு வருகிறது. ஆனால் எந்த நாளிலும் 16-ஐத் தாண்டவில்லை; ஆழம் அவ்வளவாகக் கூடாமல் நாள்தான் கூடுகிறது. எப்படிப் பார்த்தாலும் 6-ஆம் மாத முடிவில் பழைய 10-க்குள் வந்துவிடுகிறோம். வருடம் முழுக்க 20 என்று தொடங்கியது, நான்கு மாதத்துக்கு மட்டும் 16 என்று ஆனது இப்படித்தான்.

மூன்றாவது கடிதம் ஒரே பக்கம். முதல் பத்தி இது:

“தற்போதைய 10 லட்சம் வரம்பை, 3-ஆம் மாதத் தொடக்கம் முதல் 6-ஆம் மாத இறுதி வரை மட்டும் 16 லட்சமாக உயர்த்தித் தரக் கேட்கிறேன். முதல் நான்கு மாதங்களில் துணிக்கும் கூலிக்கும் பணம் போகிறது. கடைகளின் பாக்கி பெரும்பாலும் 5 முதல் 7-ஆம் மாதத்துக்குள் வசூலாகிறது. 7-ஆம் மாத இறுதியில் கணக்கு வரவுக்குத் திரும்பும். பாதி வசூல் ஒரு மாதம் தாமதமானாலும் 16 லட்சத்துக்குள்ளேயே நின்று, 8-ஆம் மாதத்தில் வரவுக்கு வரும்.”

(அசல் கடிதத்தில் மாதப் பெயர்களும் தேதிகளும் இருந்தன.) இரண்டாவது பத்தியில், திரும்பிய செக்கைப் பற்றி நானே சொல்லிவிட்டேன்: எந்தத் தேதி, எவ்வளவு, எத்தனை நாளில் சரிசெய்தோம். மறைத்தால் அவர்கள் கண்டுபிடிக்கப் போவது நிச்சயம். அப்புறம் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள். நிறுவனத்தின் கதை, வளர்ச்சி, பணிவு எல்லாவற்றையும் வெட்டினேன். மனசு கேட்கவில்லை, வெட்டினேன்.

இணைப்பாக 24 மாத அரைப் பக்கம், மாதவாரிக் காசுக் கணக்கு, கையிலிருக்கும் ஆர்டர் நகல்கள், சரக்குப் பட்டியல், வர வேண்டிய பாக்கிப் பட்டியல். இதில் எதற்கும் கேள்வி வரவில்லை.

அதிலும் ஒரு நாள் வீண். பழைய ஓ.டி.க்கு என் அண்ணன் ஜாமீன் போட்டிருந்தார். வரம்பு கூடுவதென்றால் ஜாமீன்தாரர் புதுத் தொகைக்குச் சம்மதித்து மறுபடி கையெழுத்திட வேண்டும். பழைய கையெழுத்து பழைய தொகைக்குத்தான். இதைக் கவுன்டரில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதிகாரி கடிதத்தை எடுத்து வைத்துவிட்டு “அண்ணன் வரலையா?” என்றபோதுதான் எனக்கே தெரிந்தது. ஜாமீன் உள்ளவர்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பத்து நாளில் அனுமதிக் கடிதம் வந்தது. 16 லட்சம், கேட்டபடியே. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன், கூடுதல் வரம்பு முடியும் தேதியை ஏதோ ஒரு பழக்கத்தில் பார்த்தேன். 5-ஆம் மாத இறுதி என்று இருந்தது. அன்றைக்கு எல்லாம் சரியாக நடந்தாலே நாங்கள் 11 லட்சம் பற்றில் இருப்போம். மறுநாள் காலை வரம்பு 10. முதல் நாளே வரம்பு மீறல், அபராதம்.

என் கடிதத்தை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். அதிகாரி கணினியில் எதையோ திறந்து பார்த்தார். அவர் மேலே அனுப்பிய குறிப்பு அது. என் முதல் பத்தி வார்த்தை மாறாமல் அதில் இருந்தது, 6-ஆம் மாத இறுதி என்பது உட்பட. அனுமதிக் கடிதம் தட்டச்சு செய்தவர்தான் மாதத்தை மாற்றிப் போட்டிருக்கிறார். “நல்ல வேளை சார், எழுத்துல இருக்கு” என்றார். திருத்திய கடிதம் வர இன்னும் நான்கு நாள் ஆனது. ஐந்தாவது முறை படி ஏறியது அதற்குத்தான்.