சாக்கு அடைத்த தூம்பு

காரைக்குடியைச் சுற்றிப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஓடு மாற்றுவதும் சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்வதும் என் தொழில். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். கல்யாணம், சாந்தி என்று ஏதாவது வந்தால்தான் வீடு திறக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்னால் எனக்குப் போன் வரும். வேலை முடிந்து கணக்கும் தீர்ந்துவிட்டால் அந்தப் போன் அதோடு சரி.

அப்படி நின்றுபோன ஒன்றுதான் கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஆச்சி ஒருவரின் வீடு. 2021இல் இரண்டாங்கட்டுக்கு ஓடு மாற்றிக் கொடுத்தேன். ஆச்சிக்குத் திருப்திதான். அதற்கப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புவேன், அங்கிருந்து ஒரு கைகூப்பு வரும். ஒருமுறை, "வணக்கம் ஆச்சி, நலமா? வீட்டில் ஏதும் வேலை இருக்கா?" என்று கேட்டேன். "இப்ப இல்லப்பா" என்று பதில் வந்தது. கேள்வியே அந்தப் பதிலைக் கையில் கொடுத்துவிட்டது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் என்ன வேலை இருக்கிறது என்று சென்னையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

போன வருடம் ஆவணியில் வேறொரு வீட்டில் வேலை. வீட்டின் நடுவே திறந்து கிடக்கும் வளவு முற்றத்தின் மூலையில் மழைநீர் வெளியேறும் தூம்பில், பாம்பு வரக்கூடாது என்று காவல்காரர் சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தார். நாலு பக்கத்துச் சாய்வு ஓடுகளும் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுவது அந்த முற்றத்தில்தான். முந்தின வருட மழையில் தண்ணீர் தேங்கித் தாழ்வாரத்துக் கற்களைத் தாண்டியிருக்கிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. ஒரு அறைக்கதவின் நிலைக்காலை அடியில் கரையான் தின்றிருந்தது.

அன்று ராத்திரி பழைய போட்டோக்களைப் புரட்டினேன். ஆச்சி வீட்டு முற்றத்தை 2021இல் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. எடுத்தது ஓட்டுக்காக. ஆனால் படத்தின் ஓரத்தில், தெற்கு மூலைத் தூம்பில், அதே மாதிரி ஒரு சாக்கு. அப்போது என் கண் மேலே இருந்தது, கீழே பார்க்கவில்லை.

உடனே உட்கார்ந்து எழுதினேன். நான் வேலை பார்த்த அந்த வீட்டுச் சேதத்தின் பதினோரு படம், என்னென்ன கெடும் என்ற பட்டியல், கடைசியில் "நாங்கள் வந்து பார்க்க இவ்வளவு, சரிசெய்ய இவ்வளவு" என்று ஒரு தொகை. அனுப்புவதற்கு முன் வீட்டம்மாவிடம் காட்டினேன். "இதப் படிச்சா உதவி பண்ற மாதிரியா இருக்கு? பயமுறுத்தி பில்லு போடற மாதிரி இருக்கு" என்றார். சரிதான். தொகையை எடுத்தேன், படங்களை எடுத்தேன். அந்த வீட்டு விஷயத்தையும் எடுத்தேன். ஒருவர் வீட்டுச் சேதத்தை இன்னொருவருக்குச் சொல்வது, நாளைக்கு இவர் வீட்டுச் சேதத்தையும் ஊருக்குச் சொல்வான் என்று நினைக்க வைக்கும்.

அப்புறம் இன்னொன்று யோசித்தேன். ஆச்சி மட்டும் முடிவெடுக்கும் வீடு அல்ல அது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்திருக்கின்றன. ஆச்சிக்குப் புரிந்தால் போதாது, அவர் அதை அப்படியே பங்காளிகள் குரூப்பில் போட வேண்டும். அதனால் ஆச்சியின் சொந்த விஷயம் எதுவும் அதில் இருக்கக்கூடாது. கோலாலம்பூரில் இருப்பவர் படித்தாலும் முன்கதை இல்லாமல் விளங்க வேண்டும். கடைசியில் போனது இதுதான்:

"வணக்கம் ஆச்சி. 2021இல் ஓடு மாற்றியபோது எடுத்த படத்தை இன்று பார்த்தேன். முற்றத்தின் தெற்கு மூலைத் தூம்பில் சாக்கு அடைத்திருக்கிறது. அன்றைக்கு நான் கவனிக்காமல் விட்டது என் தவறு. இப்போதும் இருந்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி, வளவைச் சுற்றியுள்ள எல்லா அறைச் சுவரிலும் ஈரம் ஏறலாம். காவல்காரரைச் சாக்கை எடுத்துவிட்டு அந்த மூலையில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கடகடவென்று போனால் கவலை இல்லை. நின்று நின்று போனால் உள்ளே மண்ணோ ஓட்டுச் சில்லோ அடைத்திருக்கிறது. ஊரில் யாரை வைத்தும் எடுத்துவிடலாம். பாம்புக்குச் சாக்குக்குப் பதில் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை போதும். கண் இன்னும் சிறிதாக இருந்தால் இலை அடைக்கும். படத்தைக் கீழே வைத்திருக்கிறேன்."

ஒரே ஒரு படம், சாக்கைச் சுற்றி ஒரு வட்டம். "ஊரில் யாரை வைத்தும்" என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மை. ஆனால் அந்த மூன்று வார்த்தை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் தூண்டில்தான். அரை அங்குல வலையில் குட்டிப் பாம்பு நுழையும் என்பதை எழுதாமல் விட்டேன். அது தப்பு, பின்னால் கேட்டார்கள், அப்போது சொன்னேன்.

நாளும் பார்த்துத்தான் அனுப்பினேன். புரட்டாசி கடைசியில் அனுப்பினால் பங்காளிகள் பேசி முடிப்பதற்குள் மழை வந்துவிடும். சித்திரையில் அனுப்பினால் யாருக்கும் மழை நினைவு இருக்காது. ஆவணி நடு சரியாக இருந்தது.

இரண்டு நாள் சத்தமே இல்லை. டிக் மட்டும் நீலமாகி இருந்தது. நானும் "பார்த்தீர்களா ஆச்சி" என்று தட்டவில்லை. மூன்றாம் நாள் மலேசிய எண்ணிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், பங்காளிகளில் ஒருவர். "தண்ணி ஊத்திப் பார்த்தாச்சு தம்பி, முக்கால் மணி நேரம் நிக்குது. உள்ளூர் ஆளை வச்சு எடுக்கச் சொல்லியிருக்கோம்" என்றார். எடுத்தும்விட்டார்கள். எனக்கு அதில் ஒரு ரூபாய் வேலை இல்லை.

மார்கழியில் ஆச்சியே கூப்பிட்டார். மழையில் தண்ணீர் தேங்கவில்லை, ஆனால் காவல்காரர் சுவரைக் கவனித்துப் பார்த்ததில் மேற்கு அறைப் பக்கம் பூச்சு உப்பி நிற்கிறதாம். போய்ப் பார்த்தேன். எப்போதோ யாரோ சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியே போக வழி இல்லாமல் பின்னால் தங்கி, பூச்சைத் தள்ளியிருக்கிறது. விரலால் தட்டினால் டொக் டொக் என்று கேட்டது. அதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசும் வேலை தை மாதம் எங்களுக்கு வந்தது.

இதையே எல்லோரிடமும் செய்து பார்க்கலாம் என்று இன்னொரு பழைய வீட்டுக்காரருக்கும், பெயரையும் இடத்தையும் மாற்றி, கிட்டத்தட்ட அதே வரிகளை அனுப்பினேன். "அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்று சூடாக வந்தது பதில். அவர் வீட்டில் நாங்கள் மாற்றிய ஓட்டில் ஒரு கசிவு இருந்ததாம், இரண்டு முறை சொல்லியும் என் ஆள் போகவில்லையாம். எனக்கு அது வந்து சேரவே இல்லை. அவரிடம் தூம்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை? மறுநாள் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு ஓடு மாற்றினேன், காசு வாங்கவில்லை. அவர் இன்னும் கூப்பிடவில்லை.

இப்போது யாருக்கும் எழுதுமுன் பழைய கணக்கு நோட்டில் அவர் பெயருக்கு எதிரே ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவர்கள் எனக்குத் தரவேண்டியது வேறு பக்கத்தில் இருக்கிறது. நான் பார்ப்பது எங்கள் பக்கத்துப் பாக்கி.