வராந்தாவுக்கு எத்தனை பெட்டி டைல்ஸ்?

ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு முன் வராந்தாவுக்கு நானே டைல்ஸ் பதித்து முடித்துவிட்டேன். பதிப்பதைவிட எவ்வளவு வாங்குவது என்ற கணக்குதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. டைல்ஸ் வாங்கியது ராமநாதபுரத்தில். விட்டுப்போன ஒரே ஒரு பெட்டிக்காக மறுபடி வண்டி பிடித்தால், வாடகை பெட்டி விலையைத் தாண்டிவிடும்.

வராந்தா 22 அடி நீளம், 7 அடி அகலம். 154 சதுர அடி. நான் எடுத்தது இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், பெட்டிக்கு 4. கடையில் பெட்டியை 16 சதுர அடி என்று சொல்வார்கள். உண்மையில் ஒரு டைல் 60 செ.மீ.தான், ஆகவே பெட்டி 15.5 சதுர அடி. 154ஐ அதால் வகுத்தால் 9.9, அதாவது 10 பெட்டி. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 11. "பதினொன்று போதும் தம்பி, மிஞ்சவே செய்யும்" என்றார் கடைக்காரர்.

சதுர அடிக் கணக்கு டைல்ஸை மாவு போல நினைத்துக்கொள்கிறது. டைல் முழுசாகத்தான் வரும். ஆகவே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணினேன். 3 மி.மீ. இடைவெளி விட்டால் அகலவாக்கில் மூன்று முழு டைல்ஸ், அதன்பின் சுமார் 32 செ.மீ. மிச்சம். அந்த மிச்சத்துக்கு வெட்டும் டைலில் எஞ்சுவது 27 செ.மீ.; அது அடுத்த வரிசைக்குப் பற்றாது. ஆகவே வரிசைக்கு நான்கு. நீளவாக்கில் 11 வரிசை போக 7 செ.மீ. கீற்று ஒன்று. மொத்தம் 44 டைல்ஸ், சரியாக 11 பெட்டி. பத்து சதவீதம் முழுவதையும் வெட்டுத்துண்டே தின்றுவிட்டது. உடைந்தால் மாற்ற ஒன்றுகூட இல்லை.

அந்தக் கீற்று கண்ணுக்கு உறுத்தும் என்பதால், இரு ஓரத்திலும் சம அளவு துண்டு வருமாறு நகர்த்திப் பார்த்தேன். அழகுதான். ஆனால் வரிசை 12 ஆகி, டைல்ஸ் 48 ஆனது. செருப்பு அலமாரி நிற்கும் ஓரத்துக்குக் கீற்றைத் தள்ளிவிட்டு 44ஐ வைத்துக்கொண்டேன். கீற்றுக்கும், சுவரின் அடியில் ஒட்டும் நான்கு அங்குலப் பட்டையான ஸ்கர்ட்டிங்குக்கும் அந்த 27 செ.மீ. துண்டுகளே போதுமாக இருந்தன. உடைசலுக்கு மூன்று சேர்த்துக் கணினி அட்டவணையில் போட்டது இவ்வளவுதான்:

```
=ROUNDUP((44+3)/4,0)
```

விடை 12. எல்லாவற்றையும் டைல் எண்ணிக்கையில் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறைதான் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். உடைசலைத் தனிப் பெட்டி, ஸ்கர்ட்டிங்கைத் தனிப் பெட்டி என்று இடையிலேயே முழுமையாக்கிக்கொண்டே போனால் வாங்கும் பெட்டி வீணாகப் பெருகும். பன்னிரண்டையும் ஒன்றாகவே எடுத்தேன். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணும் நிற எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினேன். பிறகு வாங்கும் பெட்டி வேறு தொகுதியாக இருந்தால் சாயல் மாறும், சில நேரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவும் மாறும்.

டைல் ஒட்டும் பசைக்கும் கணக்கு முறை அதேதான், ஆனால் உபரி எதுவும் சேர்க்கவில்லை. 20 கிலோ மூட்டை, 3 மி.மீ. கனத்தில் சுமார் 48 சதுர அடிக்கு வரும். தரைக்கு 3.2 மூட்டை, ஸ்கர்ட்டிங்குக்கு 0.2, இரண்டும் சேர்ந்து 3.4. தனித்தனியாக முழுமையாக்கினால் ஐந்து, கூட்டிவிட்டு முழுமையாக்கினால் நான்கு. நான்கே வாங்கினேன். பசைக்கு நிறப் பொருத்தம் கிடையாது, உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கிறது. வாய் பிரித்த மூட்டை எங்கள் கடற்காற்றில் ஈரம் இழுத்துக் கட்டிதட்டிவிடும். கட்டியை உதிர்த்துத் தண்ணீர் சேர்த்தாலும் பிடிப்பு வராது.

ஐந்தாவது மூட்டையும் பிறகு தேவைப்பட்டது. கச்சான் காற்று வீசிய மதியங்களில், பல்கரண்டியால் இழுத்த பசை மேலே ஆடை கட்டியது. விரலால் தொட்டால் ஒட்டவில்லை என்றால் அதன்மேல் டைலை வைக்கக் கூடாது, சுரண்டி எறிய வேண்டியதுதான். அதன்பின் ஒரு டைலுக்கு வேண்டிய அளவே இழுத்தேன். தரையின் பள்ளங்களும் கொஞ்சம் குடித்தன. கனம் 4 மி.மீ. ஆனாலே கணக்கு நான்கரையைத் தாண்டிவிடும்.

வெளிச்சுவர் வண்ணத்திலும் எவ்வளவு வாங்குவது என்ற கேள்வி வந்தது. இரண்டு பூச்சுக்கு ஏறக்குறைய 7 லிட்டர் வேண்டியிருந்தது. 10 லிட்டர் வாளியில் லிட்டர் விலை குறைவு என்று ஆசை காட்டினார்கள். ஆனால் இயந்திரத்தில் நிறம் கலந்ததைக் கடையில் திரும்ப எடுப்பதில்லை. மிஞ்சும் மூன்று லிட்டரை நான் எங்கே பூசுவது? 4 லிட்டர் டின் இரண்டு எடுத்தேன். ஒரு லிட்டர் மிச்சம், உப்புக்காற்றில் உரியும் இடங்களுக்கு அது வேண்டும். இரண்டு டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகே பூசத் தொடங்கினேன். தனித்தனியாகப் பூசினால், ஒரு டின் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் சுவரின் நடுவே தெரியும்.